கம்பெனி வண்டி மோதிடுச்சா? இன்சூரன்ஸுக்கு எழுதுறது பத்தி வந்த கேள்விகள்

பெருந்துறையில இருந்து ஒரு டிரான்ஸ்போர்ட் மேனேஜர்: "எங்க மினி லாரி கோயம்புத்தூர் போற வழியில ஒரு கார் மேல மோதிடுச்சு சார். டிரைவர் 'திடீர்னு கார் குறுக்க வந்துச்சு, பிரேக் பிடிக்கல, இடிச்சிட்டேன்'னு எழுதிக் கொடுத்திருக்கார். இதையே க்ளைம் ஃபார்ம்ல போட்டுடலாமா?"

போடாதீங்க. முதல்ல அந்த "பிரேக் பிடிக்கல". ரோடு ஈரமா இருந்து டயர் வழுக்குனாலும் நம்மாளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க, ஆனா படிக்கிற இன்சூரன்ஸ் சர்வேயருக்கு அது பிரேக் ஃபெயிலியர்னு தோணும், அப்புறம் சர்வீஸ் ரெக்கார்டு, எஃப்சின்னு கேள்வி வேற பக்கம் போயிடும். டிரைவர்கிட்ட பெடல் கெட்டியா இருந்துச்சா, உள்ள வரைக்கும் போயிடுச்சான்னு கேளுங்க. கெட்டியா இருந்து வண்டி வழுக்குச்சுன்னா அதையே எழுதுங்க. நிஜமாவே பெடல் உள்ள போயிருந்தா அதையும் மறைக்காதீங்க, வண்டிய செக் பண்ணா எப்படியும் தெரிஞ்சிடும்.

அடுத்து "குறுக்க வந்துச்சு". எங்கிருந்து வந்துச்சு? போன்ல விசாரிச்சப்போ கிடைச்சத வெச்சு நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்:

"நாலு வழிச்சாலையில மேற்கு பார்த்து, மீடியன ஒட்டின லேன்ல போயிட்டு இருந்தோம். எதிர்த்திசை ரோட்டுல வந்த கார் மீடியன் கேப் வழியா யு டர்ன் எடுத்து எங்க லேனுக்குள்ள வந்துச்சு. டிரைவர் பிரேக் அடிச்சு இடது பக்கம் ஒடிச்சார், ஈர ரோட்டுல வண்டி வழுக்கி எங்க வண்டியோட முன்பக்க வலது மூலை காரோட இடது முன் கதவுல மோதிச்சு. கேப்ல இருந்து சுமார் 12 மீட்டர் தள்ளி, இடது சக்கரம் ரெண்டும் மண்ணுல இறங்கின நிலையில எங்க வண்டி நின்னுச்சு."

யு டர்ன் எடுக்குற கார் நமக்கு இடது பக்கத்தத்தான் காட்டும், நாம இடதுல ஒடிச்சதால நம்ம வலது மூலைதான் படும், அதனால அடிபட்ட இடமும் கதையும் பொருந்துது. சர்வேயரா நான் முதல்ல தேடுறது இந்தப் பொருத்தத்ததான். 12 மீட்டர அடி வெச்சு அளந்தா போதும், ஆனா மீடியன் கேப், லைட் கம்பம், கிலோமீட்டர் கல்லு மாதிரி நகராத ஒண்ணுல இருந்து அளங்க.

அதே மேனேஜர்: "இடது வலதுல எப்பவும் குழப்பம் வருது, எதை வெச்சு சொல்றது?"

டிரைவர் சீட்ல உக்காந்து முன்னாடி பாக்குற இடது வலதுதான். வண்டிக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு, அந்தப் போட்டோவ பாத்து எழுதுறப்போ அப்படியே மாறிடும். "டிரைவர் பக்கம், க்ளீனர் பக்கம்"னு எழுதினாலும் தப்பில்ல.

திருச்சி வாசகர்: "ரோடு கண்டிஷன்னு கேட்ட இடத்துல மழைன்னு போட்டேன், போதுமா?"

அந்த நேரத்துல பெஞ்சிட்டு இருந்துச்சா, இல்ல நின்னு ரோடு மட்டும் ஈரமா இருந்துச்சா? தாரா கான்கிரீட்டா, மண்ணு இல்ல ஆயில் கெடந்துச்சா, ராத்திரின்னா தெரு விளக்கு எரிஞ்சுதா, இவ்ளோதான் ரெண்டு வரியில வரணும். டயர் தேய்ச்ச தடம் இருந்தா வண்டிய நகர்த்துறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. வேகத்துக்கு "மெதுவா"ன்னு எழுதாதீங்க, கம்பெனி வண்டியில ஜிபிஎஸ் இருந்தா அதுல பாத்து எழுதுங்க, ஏன்னா அதையே அவங்களும் கேக்கலாம்.

ஓசூர்ல இருந்து ஒரு அக்கவுண்டண்ட்: "டெம்போ முன்னாடி அடிபட்டுது, டிரைவர் குடோன் வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டார், இப்ப இன்ஜின் சீஸ்னு மெக்கானிக் சொல்றார். எல்லாத்தையும் ஒரே டேமேஜா எழுதலாமா?"

வேண்டாங்க. ரேடியேட்டர் ஒடைஞ்சது விபத்துல, தண்ணி இல்லாம ஓட்டினதுல இன்ஜின் போச்சு. ரிப்பேர் பண்ணாம ஓட்டி டேமேஜ் பெருசானா அது நம்ம பொறுப்புன்னு பாலிசியிலயே இருக்கு, அந்த இன்ஜின் செலவு கிடைக்கிறது கஷ்டம். விபத்துல நேரடியா அடிபட்டது தனியா, ஓட்டிட்டு வந்த தூரமும் அப்புறம் தெரிஞ்ச கோளாறும் தனியா எழுதுங்க. பழைய ஒடுக்கு, துரு இருந்தா அதையும் "முன்னாடியே இருந்தது"ன்னு போட்டுடுங்க, புது அடிக்கும் பழைய அடிக்கும் வித்தியாசம் பெயிண்டப் பாத்தாலே தெரியும்.

இன்னொண்ணு, சரக்கு வண்டி பாலிசியில ஐஎம்டி 23ங்கிற கூடுதல் கவர் எடுத்திருக்கீங்களான்னு பாருங்க. அது இல்லன்னா பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பெயிண்ட் இதுக்கெல்லாம் பொதுவா க்ளைம் வராது. ஆனா அடிபட்ட பட்டியல்ல அதெல்லாம் இருக்கணும், எங்க மோதுச்சுன்னு காட்டுறதே அதுங்கதான்.

சேலம் வாசகர்: "எங்க டிரைவர் மேலதான் தப்பு, அதையும் எழுதிடவா? எதிர் வண்டிக்காரர்கிட்ட பணம் தர்றேன்னு சொல்லிட்டோம்."

நடந்தத முழுசா எழுதுங்க, "சிக்னல் சிவப்பா இருந்துச்சு, எங்க வண்டி நிக்கல"ன்னா அப்படியே எழுதுங்க. ஆனா யார் பொறுப்புன்னு தீர்ப்பு நீங்க எழுத வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்துல சம்மதிக்காம தப்ப ஒத்துக்கக் கூடாது, பணம் தர்றேன்னு வாக்கும் கொடுக்கக் கூடாதுன்னு பாலிசி கண்டிஷன் இருக்கு. நீங்க சொல்லிட்டதால அதையும் இன்னைக்கே அவங்களுக்குத் தெரியப்படுத்துங்க. யாருக்காவது காயம்னா அவங்க விவரம், டிரைவர் பேரு, லைசென்ஸ் விவரம், பாலிசி நம்பர், தேதி, நேரம், இடம் எல்லாம் எழுத்துல போகணும், மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவு கேக்குறது அது. அப்போ யார் ஓட்டினாங்களோ அவங்க பேருதான் வரணும், லைசென்ஸ் சரியில்லைன்னு வேற டிரைவர் பேர போட்டா மொத்த க்ளைமும் போயிடும்.