மூன்று காசு தண்ணீர்: "காலம் மாறிவிட்டது" என்று ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. கோத்தா திங்கியில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நம்மூர் ஆற்றுத் தண்ணீர் 1000 கேலன் 3 காசுக்கு சிங்கப்பூருக்குப் போகிறது. 1962-இல் போட்ட விலை. அன்று ரப்பர், இன்று செம்பனை, எல்லாமே மாறிவிட்டது. லிங்கியூ அணையும் ஒரு வருடம் வற்றிப் போனது. அவர்கள் அதே தண்ணீரை நல்ல விலைக்கு விற்கிறார்கள், அது ஒப்பந்த மீறல் இல்லையா? ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்குகிறோம். சட்டத்தில் நிற்குமா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஒப்பந்தம் அனுமதிக்கும் முழு அளவான 25 கோடி கேலனை ஒரு நாளில் எடுத்தாலும் 3 காசு வீதம் ஜொகூருக்குக் கிடைப்பது 7,500 வெள்ளி. அந்தத் தொகையைப் பார்த்து யாருக்கும் மனம் பொறுக்காது. ஆனாலும் நீங்கள் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்றுகூட ரத்து செய்யப் போதாது. மனுவில் அந்த வார்த்தை இருந்தால் நல்ல வாதம் ஒன்று வீணாகிவிடும் என்பதுதான் என் கவலை.

இது யாருக்கும் யாருக்கும் இடையே உள்ள கடமை என்பதை முதலில் பார்ப்போம். 1962 ஒப்பந்தம் ஜொகூர் மாநில அரசும் அன்றைய சிங்கப்பூர் நகர மன்றமும் செய்துகொண்டது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தபோது, ஜொகூர் இதைக் கடைப்பிடிக்கும் என்று மலேசிய அரசும், தன் தரப்பு கடைப்பிடிக்கும் என்று சிங்கப்பூர் அரசும் பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி கொடுத்தன. அந்த உறுதி வந்த பிறகு இது இரு நாடுகளுக்கு இடையிலான கடமை. மாநில அரசு நினைத்தாலும் தனியாகக் கைகழுவ முடியாது. வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம்.

நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தை எப்போது முடிக்கலாம் என்பதை 1969 வியன்னா உடன்படிக்கையின் 60, 61, 62-ஆம் விதிகள் சொல்கின்றன. அந்த உடன்படிக்கை 1980-இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்த மூன்று விதிகளும் பெரும்பாலும் நாடுகளின் வழக்கச் சட்டத்தையே எழுதிவைத்திருக்கின்றன என்று அனைத்துலக நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொன்ன வழக்கில் ஒரு நாடு உங்களுடைய அதே மூன்று காரணங்களை முன்வைத்துத் தோற்றது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1977-இல் டான்யூப் ஆற்றில் கூட்டாக அணைகள் கட்ட ஒப்பந்தம் செய்தன. காப்சிகோவோவில் ஒன்று, ஹங்கேரியின் நாஜ்மாரோசில் ஒன்று. ஹங்கேரியில் சுற்றுச்சூழல் எதிர்ப்பு வலுத்தது. 1989 மே மாதம் அந்நாடு தன் பக்கத்து வேலையை நிறுத்தியது, பிறகு நாஜ்மாரோசையே கைவிட்டது. மறுதரப்பு, ஆற்றைத் தன் எல்லைக்குள்ளேயே திருப்பும் மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்தது என்று 1992 மே 19 அன்று ஹங்கேரி அறிவித்தது. 25-ஆம் தேதி முதல் செல்லாது என்றது. ஆறு நாள் அவகாசம். ஆறு உண்மையில் திருப்பப்பட்டது அந்த ஆண்டு அக்டோபரில். 1997 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடியவில்லை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

முதலில் மீறல். ஒப்பந்தத்தை முடிக்க ஏதோ ஒரு மீறல் போதாது. ஒப்பந்தத்தை அடியோடு மறுத்திருக்க வேண்டும், அல்லது அதன் நோக்கம் நிறைவேற இன்றியமையாத விதியை மீறியிருக்க வேண்டும். ஆற்றைத் திருப்பியது சட்டவிரோதம்தான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் ஹங்கேரி அறிவித்த மே மாதத்தில் அது நடந்திருக்கவில்லை. நடக்காத மீறலுக்கு முன்கூட்டியே ஒப்பந்தத்தை முடிக்க முடியாது; அதிலும் முதலில் வேலையை நிறுத்தி அந்த நிலையை வரவழைத்ததில் ஹங்கேரிக்கும் பங்கு இருந்தது. நம் விஷயத்தில், வாங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துத் தன் மக்களுக்கு விற்பது மீறல் ஆகாது. அந்த ஒப்பந்தமே அதற்காகத்தான். நாளொன்றுக்கு 25 கோடி கேலனுக்கு மேல் தொடர்ந்து எடுத்தாலோ, ஜொகூருக்குத் திருப்பித் தரவேண்டிய சுத்திகரித்த நீரை மறுத்தாலோ அப்போது பேசலாம். அப்படி நடந்ததாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை.

அடுத்து இயலாமை. 2016-இல் லிங்கியூ நீர்மட்டம் 20 விழுக்காடு அளவுக்கு இறங்கியது உண்மை. தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்கு எளிதில் புரியும்: மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும், அதற்காகத் தோட்டமே இல்லை என்று ஆகாது. தோட்டம் எரிந்து சாம்பலானால் கதை வேறு. சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. ஒப்பந்தத்துக்கு இன்றியமையாத பொருள் நிரந்தரமாக அழிந்திருக்க வேண்டும். தற்காலிகத் தடை என்றால் கடமையை நிறுத்திவைக்கலாம், முடிக்க முடியாது. மழை வந்ததும் அணை ஏறிவிட்டது. அந்த இயலாமையை நாமே உண்டாக்கியிருக்கவும் கூடாது: ஆற்றின் மேற்பகுதிக் காட்டை அழிக்கவிட்டு, பிறகு தண்ணீர் இல்லை என்று வாதாட முடியாது.

மூன்றாவது, எல்லாமே மாறிவிட்டது என்பது. உங்கள் மனம் அதிகம் தங்கியிருக்கும் இடம் இதுதான், சட்டம் மிகக் கடுமையாக இருக்கும் இடமும் இதுதான். கையெழுத்திட்ட நாளில் இருந்த நிலைமை இரு தரப்பின் சம்மதத்துக்கே அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். அது யாரும் எதிர்பாராத விதத்தில் மாறியிருக்க வேண்டும். இனிச் செய்யவேண்டிய கடமையின் தன்மையே அடியோடு வேறாகியிருக்க வேண்டும். ஹங்கேரி பொதுவுடைமை ஆட்சி விழுந்ததைச் சொன்னது, திட்டத்தின் லாபம் குறைந்ததைச் சொன்னது, புதிய சுற்றுச்சூழல் அறிவைச் சொன்னது. எதுவும் எடுபடவில்லை. புதிய நிலைமைக்கு ஏற்ப பேசித் திருத்திக்கொள்ள ஒப்பந்தத்திலேயே வழி இருந்தது என்பதை நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது.

நம் ஒப்பந்தத்திலும் அந்த வழி இருக்கிறது. 25 ஆண்டுகளுக்குப் பின் விலையை மறுஆய்வு செய்யலாம் என்றும், பணத்தின் மதிப்பு, கூலி, மின்சாரம், பொருள் விலை இவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்றும், ஒத்துப்போகாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்றும் எழுதியிருக்கிறது. விலை மாறும் என்று இரு தரப்பும் 1962-இலேயே எதிர்பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்த ஒன்றை எதிர்பாராத மாற்றம் என்று எந்த நீதிபதி முன்னும் சொல்ல முடியாது.

ஆனால் உங்களுக்குத் தோதாக இருப்பதும் இதே விதிதான். 25 ஆண்டு முடிந்தது 1987-இல். அப்போது மறுஆய்வு கேட்காததால் மலேசியா உரிமையை இழந்துவிட்டது என்கிறது சிங்கப்பூர். 1987-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறது மலேசியா. இதில் மலேசியா பக்கம் வலுவான வாதம் உண்டு என்பது என் எண்ணம். 25 ஆண்டுகளுக்குப் பின் என்று எழுதியதை அந்த ஆண்டில் மட்டும் என்று படிப்பது சொல்லை நெருக்குவதாகும். ஆனால் எதிர்வாதமும் லேசானதல்ல. அதற்கு ஒரு தீர்ப்பு தேவை.

ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக ரத்து செய்துவிட்டால் இந்த வாதமும் கூடவே போய்விடும். நாம் தூக்கி எறிந்த ஒப்பந்தத்தின் விதியைக் காட்டி விலை கேட்க முடியாது; மீறியவர் என்ற பெயரும் இழப்பீட்டுப் பொறுப்பும் நம் மீது வரும். இதற்கு முந்தைய ஆண்டில் ஜொகூர் சிங்கப்பூரோடு செய்த 1961 தண்ணீர் ஒப்பந்தத்தை 2011-இல் அது முடியும்வரை இரு தரப்பும் மதித்தன. 1962 ஒப்பந்தம் 2061 வரை ஓடும்.

ஆகவே மனுவை மாற்றி எழுதுங்கள். ரத்து என்ற சொல்லை எடுத்துவிட்டு, விலை மறுஆய்வு விதியை மத்திய அரசு கையிலெடுக்க வேண்டும், பேச்சில் முடிவு வராவிட்டால் நடுவர் தீர்ப்புக்கு விட இரு அரசுகளும் இணங்க வேண்டும் என்று கேளுங்கள். ஜொகூர் ஆற்றின் நீர்ப்பிடிப்புக் காட்டைக் காக்க மாநில அரசு என்ன செய்கிறது என்பதையும் தனிப் பத்தியாகச் சேருங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். முடிவெடுக்கும் இடம் கோலாலம்பூர். ஏற்கெனவே வாங்கிய கையெழுத்துகளைப் புது மனுவோடு இணைக்காதீர்கள். அவர்கள் கையெழுத்திட்டது வேறு கோரிக்கைக்கு. மறுபடி படித்துக் காட்டித்தான் வாங்க வேண்டும்.