ஓரத்தில் நிற்கும் அக்கா

வணக்கம் சேர்,

நான் தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் ரீடச்சிங் வேலை செய்கிறேன். போன வாரம் எங்களோடு வேலை செய்யும் போட்டோகிராஃபர் அண்ணா ஒரு கல்யாண குரூப் படத்தை அனுப்பி, வலது ஓரத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் அக்காவின் முகத்தைக் கொஞ்சம் ஒல்லியாக்கித் தரச் சொன்னார். அந்த அக்கா கேட்கவில்லை, மாப்பிள்ளை வீட்டில் வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள். நான் இப்படிப் பதில் எழுதினேன்: "அண்ணா, மன்னிக்கவும். லைட், கலர், ஸ்கின் எல்லாம் செய்து தருகிறேன். முகத்தின் வடிவத்தை மாற்ற எனக்கு விருப்பமில்லை. அவரே வந்து கேட்டால் பார்க்கலாம். இன்றைக்கு வேலையும் கூட. கோபிக்காதீர்கள், மன்னிக்கவும்." அன்றிலிருந்து அண்ணா சரியாகப் பேசுவதில்லை. நான் எழுதியது சரியா? இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

எஸ்., தலவாக்கலை

அன்புள்ள எஸ்.,

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டு ஒரு கன்னத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அது என்ன கன்னம் என்று பிறகு சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் தள்ளி வைப்போம். பிரான்ஸில் 2017 ஒக்டோபரிலிருந்து, விளம்பரப் படத்தில் மொடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால் அதைப் படத்திலேயே எழுத வேண்டும். நோர்வேயும் 2022இல் விளம்பரங்களுக்கு அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டுமே வியாபாரப் படங்களுக்கு. மாப்பிள்ளையின் அக்காவைக் காப்பாற்ற பாரிஸிலிருந்து யாரும் தலவாக்கலைக்கு வரப்போவதில்லை.

உன் பதிலில் ஒரு வரி தங்கம்: "அவரே வந்து கேட்டால் பார்க்கலாம்." அதை முதல் வரியாக வைத்திருக்க வேண்டும். நீயோ இரண்டு மன்னிக்கவும், ஒரு கோபிக்காதீர்கள் என்று பொதி சுற்றி நடுவில் ஒளித்துவிட்டாய். அதைவிடக் கேவலமான வரி "இன்றைக்கு வேலையும் கூட". வேலை கூட என்றால் நாளைக்கு வருவார். நாளைக்கு என்ன சொல்வாய், காய்ச்சலா? மறுப்பதற்கு ஒரு காரணம் போதும் மகள். பொய்யாக இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவதையும் நம்பமாட்டார்கள்.

சரி, திட்டு முடியவில்லை. நீ ரீடச்சர். படத்தைப் பார்த்தாயா, இல்லை அண்ணாவின் மெசேஜை மட்டும் பார்த்தாயா? அக்கா வலது ஓரத்தில் நிற்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

நம் பக்கத்துக் கல்யாண குரூப் எங்கே எடுக்கிறோம்? லயத்து வாசலில். இருபது பேரை வரிசையில் நிறுத்திவிட்டுக் கெமராக்காரன் பின்னால் நாலு எட்டு வைத்தால் கான். கானைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. பின்னால் போக வழியில்லாதவன் என்ன செய்வான், லென்ஸை 24 மில்லிமீற்றருக்குத் திருப்புவான். எல்லாரும் படத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் ஓரத்தில் நிற்பவர்களின் தலை பக்கவாட்டில் இழுபடும்.

ஏன் என்று ஒரு டோர்ச்சை வைத்துப் பார்க்கலாம். சுவரில் நேராக அடித்தால் வட்டம் விழும். சரித்து அடித்தால் அதே வெளிச்சம் முட்டை வடிவமாக நீளும். தலை ஒரு உருண்டை, கெமராவின் சென்சர் ஒரு தட்டையான சுவர். நடுவில் நிற்கும் மாப்பிள்ளையின் முகம் நேராக விழுகிறது, ஓரத்து அக்காவின் முகம் சரிந்து விழுகிறது. ஃபுல் ஃபிரேம் கெமராவில் 24இல், படத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே நிற்பவரின் முகம் ஏறக்குறைய 18 சதவீதம் அகலமாகிவிடும். அதே ஆள் படத்தில் அதே இடத்தில் விழும்படி 50இல் எடுத்தால் 4 சதவீதம்தான், யார் கண்ணுக்கும் தெரியாது. லென்ஸ் ப்ரொஃபைல் போட்டால் சரியாகும் என்று நினைக்காதே. அது வளைந்த கதவு நிலையை நேராக்கும், அந்த வேலையில் தலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடும்.

ஆகவே மாப்பிள்ளை வீட்டில் யாரோ படத்தைப் பார்த்து "அக்கா இப்படி இருக்கமாட்டாளே" என்று சொல்லியிருந்தால், அவர் கண் பொய் சொல்லவில்லை. நீ நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில் மறுத்திருக்கிறாய்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபோட்டோஷொப்பின் File Info-வில் எத்தனை மில்லிமீற்றர் என்று பார். பிறகு மற்ற ஓரத்துக்குப் போ. இடது கடைசியில் நிற்பவரின் காதிலிருந்து காது வரையும் அகன்றிருக்கிறதா என்று பார். இரண்டு ஓரமும் அகன்றிருந்தால் லென்ஸ் செய்த வேலை, அதை நீ எடுத்தே ஆக வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அக்கா மட்டும் அகன்றிருந்தால் அது அக்காவின் முகம், கையை எடு.

திருத்தும்போது, முகத்தைத் தள்ளி இழுக்கும் Liquify-ஐத் திறக்காதே. முகத்தை மட்டும் சுருக்கினால் அகன்ற தோளின்மேல் சின்னத் தலை உட்கார்ந்திருக்கும். தலையிலிருந்து கால் வரை அந்த ஓரத்துப் பட்டை முழுவதையும் தெரிவு செய்து, Free Transform-இல் வெளி விளிம்பை மட்டும் உள்ளே தள்ளு, உயரம் மாறக் கூடாது. கணக்குப்படி அகலம் 85 சதவீதத்துக்கு வர வேண்டும். நான் 90இல் நிறுத்திவிடுவேன், ஏனென்றால் பக்கத்தில் நிற்பவரும் கொஞ்சம் இழுபட்டுத்தான் இருப்பார், அவரைவிட அக்கா திடீரென்று மெலிந்து தெரியக் கூடாது. பட்டையின் உள் எல்லை இரண்டு பேருக்கு நடுவே விழட்டும். பின்னால் கூரையின் சரிந்த ஓரம் இருந்தால் அது அந்த எல்லையில் முறியும், அங்கே மட்டும் கையால் ஒட்டுப் போட வேண்டும். அப்புறம் இதே அளவை இடது ஓரத்துக்கும் செய். ஒருத்தருக்கு மட்டும் செய்தால் அது திருத்தம் இல்லை, பட்சபாதம்.

Liquify-இல் முகத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்லைடர்கள் 2016இல் வந்தன. தாடை, முக அகலம், நெற்றி என்று தனித்தனியாக இழுக்கலாம். குரூப் படத்தில் அவை செய்யும் கூத்து உனக்கே தெரியும். 24 மெகாபிக்சல் படத்தில் பன்னிரண்டு பேர் அகலத்துக்கு நின்றால் ஒரு முகம் நூற்றைம்பது பிக்சல்தான். கன்னத்துக்கு எட்டுப் பிக்சல் உள்ளே தள்ளினால் பின்னால் இருக்கும் தகரத்தின் வரி அவளை நோக்கி வளையும், பக்கத்து வீட்டுக்காரியின் தோடு நீளும். என் குரு நெகடிவ்வில் வேலை செய்தவர். கீழே கண்ணாடி வைத்த சாய்வு மேசை, ஊசி மாதிரி சீவிய கடின பென்சில். நெகடிவ்வில் சுருக்கம் வெளிறிய கோடாகத் தெரியும், அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் மறையும். தனிப் படமாக இருந்தால் கத்தியால் கன்னத்தின் ஓரத்தையும் மெல்லச் சுரண்டுவார், சுரண்டிய இடம் பிரிண்டில் கறுத்து பின்னால் இருக்கும் கறுப்புத் திரையோடு கலந்துவிடும். குரூப் படத்தில் கத்தியை எடுக்கவே மாட்டார். அங்கே கன்னத்துக்குப் பின்னால் திரை இல்லை, இன்னொருத்தரின் காது.

நான் அவரிடம் பென்சில் கற்றுக்கொண்டேன். கத்தியை எப்போது எடுக்கக் கூடாது என்பதைக் கற்கவில்லை.

ரீடச்சர்கள் ஒரு விதி சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். இரண்டு வாரத்தில் போய்விடக்கூடியதை எடுக்கலாம், போகாததைக் கேட்காமல் தொடக் கூடாது. பரு போகும், எடு. மச்சம் போகாது, விடு. நல்ல விதிதான். நானும் பல வருடம் அதை நம்பினேன். 2006இல் ஒரு சடங்கு வீட்டு குரூப் படம் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா, மலையில் கொழுந்தெடுப்பவர், இடது கன்னம் மட்டும் உப்பியிருந்தது. பல்வலி வீக்கம் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் போய்விடும்தானே. வலது கன்னத்துக்குச் சமமாக இடதைத் தள்ளினேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்த தர்மம். செய்துவிட்டு Save As கொடுக்காமல் Save கொடுத்தேன். அசல் போயிற்று.

ஏழு வருடம் கழித்து அவருடைய மகள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அம்மா இறந்து மூன்றாம் நாள். மாலை போடப் படம் வேண்டும், அம்மா தனியாகப் படம் எடுத்ததே இல்லை, அந்தச் சடங்குப் படத்திலிருந்து முகத்தைப் பெருப்பித்துத் தாருங்கள் என்றாள். நம் ஊரில் எத்தனையோ பேருக்குக் கடைசியில் மாலை விழுவது இப்படி யாரோ வீட்டு குரூப் படத்திலிருந்து வெட்டிய முகத்தின்மேல்தான். வெட்டிப் பெரிதாக்கித் திரையில் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"எங்கம்மா வெத்தல ஒதுக்குற பக்கம் எங்கங்க?"

வீக்கம் இல்லை, வெற்றிலை. வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம்தான். துப்பினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும், ஆனால் அவளுக்கு அதுதான் அம்மா. இரண்டு வார விதிக்கு நான் என்ன செய்ய?

ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அதே Liquify-ஐத் திறந்து, நான் தள்ளிய கன்னத்தை வெளியே இழுக்கத் தொடங்கினேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். இழுத்தேன். "கூடிருச்சு" என்றாள். குறைத்தேன். ஒரு மணித்தியாலம். கடைசியில் போதும் என்றாள், சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. காசு வாங்கமாட்டேன் என்று சொல்லியும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பழைய ஹார்ட் டிஸ்கிலோ சி.டி.யிலோ அந்தப் படத்தின் அசல் எங்காவது மிஞ்சியிருக்குமா என்று இன்னும் தேடுகிறேன். மலைநாட்டு ஈரத்தில் சி.டி.க்கும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கோ போய்விட்டேன். அண்ணா பேசவில்லை என்று எழுதியிருந்தாய். பேசுவார். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, எத்தனை மில்லிமீற்றரில் எடுத்தார் என்று கேள், பேச்சு தானாக வரும். ஆமாம், அந்தப் படத்தின் இடது ஓரத்தில் நிற்பது யார் என்று நீ எழுதவே இல்லை. பார்த்து எழுது.