சின்ன வெங்காயம்: மண்டி மூட்டையிலிருந்து மூன்று கிலோ பைக்கு

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயத்தை இதுவரை மண்டிக்கு மட்டும்தான் மூட்டையாகப் போட்டிருக்கிறோம். இனி வீடுகளுக்கு நேரடியாக விற்கலாம் என்று இருக்கிறோம். எத்தனை கிலோ பை போடுவது? டெலிவரி செலவு கட்டுப்படியாகுமா?

பல்லடம் பக்கம் எங்களுக்குத் தோட்டம். கோவையில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரடியாகக் கொடுத்து வருகிறோம். கட்டுப்படியாகும், ஆனால் முழு விளைச்சலுக்கும் ஆகாது. என் கணக்கையே சொல்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மண்டியில் கைக்கு என்ன நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். கிலோ 40 ரூபாய்க்குப் போனால் எங்களுக்குக் கமிஷன் நூற்றுக்குப் பத்து, அதாவது 4 ரூபாய். வண்டி வாடகை 2, ஏற்று இறக்குக் கூலியும் சாக்கும் சேர்ந்து 1, மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு பிடிப்பதில் ஏறக்குறைய 1. மிச்சம் 32. நேரடி விற்பனையில் எல்லாச் செலவும் போக இந்த 32-க்கு மேல் நின்றால்தான் லாபம். 60 ரூபாய்க்கு விற்கிறோமே என்று 40-ஐயும் 60-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நான் முதல் வருடம் ஏமாந்தேன்.

அந்த வருடம் ஒரு கிலோ பை, வீட்டு வாசலில் கொடுப்பது என்று ஆரம்பித்தோம். பைக்கில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 25 வீடு போவதே பெரிய விஷயம். கூலி 600, பெட்ரோல் 200. ஒரு வாசலுக்கு 32 ரூபாய் ஆகிவிடுகிறது. பைக்கு 3, ஆய்ந்து கட்டும் கூலி 3, எடைக் குறைவுக்கும் அழுகலுக்கும் 3. அறுபதில் இவ்வளவும் போக 19 ரூபாய்தான் கைக்கு வந்தது. மண்டிக்கே போட்டிருந்தால் கிலோவுக்கு 13 ரூபாய் கூட நின்றிருக்கும். வாசலுக்குப் போய் வரும் செலவு ஒரு கிலோ கொடுத்தாலும் ஐந்து கிலோ கொடுத்தாலும் ஒன்றுதான் என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்து ஐந்து கிலோவுக்குப் போனோம். செலவுக் கணக்கு நன்றாக வந்தது, வீட்டில்தான் சரிப்படவில்லை. சாம்பார், சட்னி என்று தினமும் புழங்கும் நான்கு பேர் உள்ள வீட்டிலேயே வாரத்துக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோதான் ஆகிறது. ஐந்து கிலோ ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும். காற்றோட்டம் இல்லாத அலமாரியில் அது முளைவிடும், அடியில் ஈரம் கோத்து அழுகும். பழி நம் தோட்டத்து மேல்தான் விழும். அதனால் மூன்று கிலோ பை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தோம். பை தீரும் நேரத்தில் அடுத்த வண்டி வந்துவிடுகிறது. வாசலில் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டு, அவர்களே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். முப்பது பையை முக்கால் மணி நேரத்தில் கொடுத்து முடிக்கலாம். அதையே லிஃப்டுக்குக் காத்திருந்து வீடு வீடாகக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் போய்விடும், ஒரு காலையில் நான்கு இடம் முடிக்க முடியாது.

இப்போதைய கணக்கு இது. மூன்று கிலோ பை 165 ரூபாய், கிலோ 55. குட்டியானை வண்டி வாடகை 2,000, கூட வரும் ஆளுக்கு 600. இந்த 2,600-ஐத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். வலைப்பை கிலோவுக்கு 2, ஆய்வுக் கூலி 3, எடைக் குறைவும் அழுகலும் 3, சில்லறைச் செலவு 1. ஆக 55-ல் 46 நிற்கிறது. மண்டியின் 32-ஐ விட 14 அதிகம், ஒரு பைக்கு 42 ரூபாய். 2,600-ஐ 42-ஆல் வகுத்தால் 62 பை. அதற்குக் கீழே போனால் மண்டிதான் மேல். எங்களுக்கு 120 பை போகிறது, ஒரு நடைக்கு மண்டியை விட 2,440 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. என் உழைப்புக்கும் ஃபோன் பேசும் நேரத்துக்கும் நான் தனியாகக் கூலி போடவில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

இனி அளவு. 120 பை என்றால் ஒரு நடைக்கு 360 கிலோ. அறுவடைக்குப் பின் பட்டறையில் மூன்று மாதம் வைத்தால் நான்கு நடை, 1,440 கிலோ. ஏக்கருக்கு ஐந்து டன் விளைந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி மண்டிக்குத்தான் போக வேண்டும், அதனால் மண்டிக்காரரை விட்டுவிடாதீர்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடுகளுக்குப் பெருவட்டும் நடுத்தரமும்தான் வேண்டும், உரிக்கச் சிரமம் என்பதால் பொடி வேண்டாம். நல்ல காயைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை மண்டிக்கு அனுப்பினால் அந்த மூட்டை முழுதுக்கும் விலை விழும். நான் இரண்டு தடவை பட்ட பிறகு, வீட்டு விற்பனைக்கான பட்டறையை முதலிலேயே தனியாகப் போட்டுவிட்டேன். அதில் கழியும் பொடி, பொடியாகவே போகும். மண்டிக்குப் போகும் காயை யாரும் பொறுக்குவதில்லை.

காய் வீட்டில் தாங்குவது தோட்டத்து வேலையைப் பொறுத்தது. பட்டறையில் தாளோடு வைத்து, நடைக்கு இரண்டு நாள் முன் தேவையானதை மட்டும் எடுத்துத் தாள் அறுங்கள். காயை ஒட்ட அறுக்காமல் அரை அங்குலம் கழுத்து விடுங்கள், ஒட்ட அறுத்தால் கழுத்து வழியாக அழுகல் இறங்கும். கழுத்தை விரலால் நசுக்கிப் பார்த்தால் ஈரமாக நெகிழும் காயைப் பைக்குள் போடவே கூடாது, ஒன்று போதும், பக்கத்துக் காயெல்லாம் கெடும். பாலித்தீன் கவரும் வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். எடையைக் கிளம்பும் நாளுக்கு முந்தின மாலைதான் போடுவோம், ஐம்பது கிராம் கூடவே வைப்போம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

விலையை மாதம் ஒரு முறை வைக்கிறேன். அன்றைய மண்டி விலையோடு 15 ரூபாய். மண்டி 90-க்கு ஏறினால் 105 என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே விலையில் வருடம் முழுக்கத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, ஏறியபோது மண்டிக்கு ஓடிய ஒருவரிடம் அந்தக் குடியிருப்பில் இன்று யாரும் வாங்குவதில்லை. கணக்கைத் திறந்து சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

ஆர்டரை வியாழன் இரவோடு முடித்து, பணத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பணம் வாங்காத நாட்களில் பத்துப் பைக்கு ஒன்று திரும்பி வந்தது. வெள்ளி காலை எண்ணிப் பார்ப்பேன். 62 சேரவில்லை என்றால் வண்டி எடுப்பதில்லை, குழுவில் சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவிடுவேன்.