ஹைவேயில் 90இல் ஸ்டியரிங் நடுக்கம்: அலைன்மென்ட் செய்தும் போகவில்லை

"கட்டுநாயக்க ஹைவேயில் 85–95இல் ஸ்டியரிங் நடுங்குது, 100ஐத் தொட்டா குறையுது. போன கிழமைதான் அலைன்மென்ட் செய்தேன். சஸ்பென்ஷன் மாத்தணுமா?"

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், முன் சில்லுகளை பாலன்ஸ் செய்யுங்கள். அலைன்மென்ட் பிழைத்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்குவது பெரும்பாலும் பாலன்ஸ் கோளாறுதான்.

முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். புழுதிக்கு நடுவே விரல் அகலத்தில் சுத்தமான ஒரு பட்டை தெரிந்தால், பாலன்ஸுக்காக அங்கே ஒட்டியிருந்த ஈயத்துண்டு விழுந்துவிட்டது. காய்ந்த சேறு அப்பியிருந்தாலும் இதே நடுக்கம் வரும்.

சந்தேகம் தீராவிட்டால் முன் சில்லுகளைப் பின்னுக்கு மாற்றி ஓடிப் பாருங்கள். நடுக்கம் சீட்டுக்குப் போனால் குற்றம் சில்லில். பாலன்ஸ் செய்த பிறகும் தொடர்ந்தால் மெஷினில் சுழலும்போதே ரிம் நெளிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். குழியில் அடிபட்ட ரிம்மை ஈயம் காப்பாற்றாது.

சரி, சஸ்பென்ஷன்? முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சில்லை இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் டை ராட் எண்ட் தேய்ந்திருக்கலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது பெயாரிங். அப்படி ஆட்டம் இருந்தால் திருத்தும் வரை ஹைவே பக்கம் போக வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது டிஸ்க், வேறு கதை.