வீட்டை விட்டு வந்துவிட்டீர்கள், ஓனர் ஒப்பந்தத்தை விட்டு வந்துவிட்டீர்களா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து போன ஆகஸ்டில் ஒரு வீடு எடுத்தோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 80,000. ஆளுக்கு 4,500, 20,000 என்று பிரித்துக்கொண்டோம். ஓனரோடு போட்ட 11 மாத ஒப்பந்தத்தில் என் பெயரும் இன்னொரு தோழி பெயரும் இருக்கிறது. எங்களுக்குள் தனியாக ஒரு பத்திரத்தில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். கிளம்புகிறவர் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், மாற்று ஆள் வந்ததும் மற்றவர்கள் அவருடைய அட்வான்ஸ் பங்கைத் தர வேண்டும், சமையல், பாத்திரம், பெருக்கும் முறையைத் தவறவிட்டால் தடவைக்கு 100 ரூபாய் என்று அதில் இருக்கிறது. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. மார்ச் 1-ல் வாட்ஸ்ஆப்பில் சொல்லிவிட்டு 31-ல் கிளம்பினேன். இப்போது மே மாதம். "ஆள் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். பெருக்காத கணக்கு 3,400 என்று வேறு பட்டியல் போட்டிருக்கிறார்கள். என் அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசினார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சிநேகிதர்களை அழைத்து வந்து கூத்தடித்ததும் அவர்கள்தான். போலீசில் புகார் கொடுக்கலாமா? ஓனருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வரி ஒன்றுதான்: ஓனர் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அம்மாவைப் பேசியது வலிக்கத்தான் செய்யும், ஆனால் அதை வைத்து 20,000 வராது. சிநேகிதர்கள் வந்ததும் இந்தக் கணக்கில் சேராது. போலீசுக்குப் போனால் மனு ரசீது கொடுப்பார்கள், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கடைசியில் இது சிவில் விவகாரம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதற்குள் மூன்று பேரும் வீம்பு பிடித்து நிற்பார்கள். ஓனருக்கு நோட்டீஸ் இப்போது வேண்டாம். அவர் உங்கள் எதிராளி இல்லை, உங்களுக்கு வேண்டிய கையெழுத்து அவரிடம்தான் இருக்கிறது.

நீங்கள் 20,000 எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். நான் கவலைப்படுவது மாதா மாதம் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் 18,000 பற்றி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், முழுத் தொகையையும் அந்த இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 43-வது பிரிவு. ஆளுக்கு 4,500 என்று நீங்கள் பிரித்துக்கொண்டது உங்கள் நான்கு பேருக்குள்தான் செல்லும். ஓனர் அதில் கையெழுத்துப் போடவில்லை, அது அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் கண்ணுக்கு வாடகைதாரர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் நீங்கள், இன்றைக்கும்.

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். சத்துவாச்சாரியில் மூன்று இளைஞர்கள் ஒரு வீட்டில் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் பெயர் இருந்தவர் பெங்களூருக்கு மாறிப் போனார். தன் அட்வான்ஸ் பங்கைக்கூட நண்பர்களிடம் வாங்கிக்கொண்டுதான் போனார், அதனால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். மீதி இரண்டு பேரும் சில மாதம் கழித்து வாடகையை நிறுத்தினார்கள், கரண்ட் பில்லைக் கட்டவில்லை, ஒரு நாள் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓனர் அட்வான்ஸில் கழித்தது போக மிச்சத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது பெங்களூர் முகவரிக்கு. இவர் நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் வந்த "மிஸ் யூ மச்சி" செய்திகளைக் காட்டி, நான் போனது எல்லோருக்கும் தெரியும் என்றார். ஓனரோ, "என்னிடம் யார் சொன்னது?" என்று கேட்டார். அதற்கு இவரிடம் பதில் இல்லை. பேசித் தவணையில் கட்டி முடித்தார்.

உங்கள் நிலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 11 மாதம் ஜூன் 30-ல் முடிகிறது. புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் அவர்கள் உட்கார்ந்துகொண்டால், தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஓனர் இரண்டு மடங்கு வாடகை கேட்க முடியும். மாதம் 36,000. அதைப் பெயர் இருக்கிற உங்கள் இருவரிடமும்தான் முதலில் கேட்பார். மற்ற இரண்டு பேரும் ஓனருக்கு நேரடியாக எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவர்களைப் பிடிக்க உங்கள் கையில் இருக்கிற ஒரே கயிறு, நீங்கள் நான்கு பேரும் எழுதிக்கொண்ட அந்தப் பத்திரம்தான். அதனால் அதைக் கிழிக்காதீர்கள், "அது செல்லாது" என்று கோபத்தில் எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். முத்திரைத்தாள் மதிப்புக் குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் செத்துவிடாது. சாட்சியமாகக் காட்டும்போது குறைவாகக் கட்டிய முத்திரைத் தீர்வையின் மிச்சத்தையும் அபராதத்தையும் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

மாற்று ஆள் விஷயத்துக்கு வருகிறேன். "ஆள் வந்ததும்" என்று எழுதிவிட்டுக் காலக்கெடு போடாமல் விட்டது உங்கள் பத்திரத்தின் பெரிய ஓட்டை. ஆள் வராதவரை பணம் தரும் கடமை பிறக்கவே இல்லை என்று அவர்கள் வாதாடலாம், அதில் கொஞ்சம் பலமும் இருக்கிறது. அந்த வாதத்தை உடைக்க வழி, ஆளை நீங்களே கொண்டுபோய் நிறுத்துவது. காட்பாடியில் ஜூன், ஜூலையில் அறை தேடும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று பேரை, பெயர், வேலை, எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்ற விவரத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். காரணமே இல்லாமல் எல்லோரையும் வேண்டாம் என்றால், நிபந்தனை நிறைவேறாமல் தடுத்தவர்கள் அவர்களே ஆகிவிடுவார்கள். தான் தடுத்த நிபந்தனையைத் தனக்குச் சாதகமாக யாரும் காட்ட முடியாது. ஆனால் ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். அனுமதியின்றி வேறொருவரிடம் வீட்டின் ஒரு பகுதியைக் கொடுத்தது, காலி செய்யச் சொல்ல அதே வாடகைச் சட்டத்தில் ஒரு காரணம். அதிலும் மாட்டுவது உங்கள் பெயர்தான்.

கணக்கைப் பார்ப்போம். மார்ச் 1-ல் சொன்னீர்கள், இரண்டு மாதம் ஏப்ரல் 30-ல் முடிகிறது. ஏப்ரல் பங்கு 4,500 நீங்கள் தர வேண்டியது, அதில் வாதமே இல்லை. வாட்ஸ்ஆப் செய்தி போதுமா என்றால், உங்கள் பத்திரத்தில் இன்ன முறையில்தான் சொல்ல வேண்டும் என்று இல்லாதவரை போதும். அதற்கு அவர்களில் யாராவது "சரிடி, பார்த்துக்கலாம்" என்று போட்டிருந்தால் அதுவே கிடைத்ததற்கு ஒப்புதல். அந்த போனை மாற்றாதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள். கோர்ட்டில் காட்ட புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

பெருக்காததற்கு 3,400 என்பது அப்படியே நிற்காது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி கோர்ட் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கொடுக்கும். எழுதிய தொகை அதிகபட்ச எல்லை, அவ்வளவே. நீங்கள் பெருக்காத நாளில் அவர்களே பெருக்கியிருந்தால் பண நஷ்டம் என்று காட்ட ஒன்றுமில்லை. வீட்டு வேலைக்கு ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால் மட்டும் உங்கள் பங்கைக் கேட்கலாம். அந்தப் பட்டியலுக்கு வரிக்கு வரி பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆக 20,000-ல் 4,500 போனால் 15,500. மார்ச், ஏப்ரலில் சேரும் கரண்ட் பில் பங்கு தனி. கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், கிளம்பிய நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தால் இந்தச் சண்டை ஒரு நிமிஷத்தில் தீரும். எடுக்கவில்லை என்றால் பில்லை நாலாக வகுத்து உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். 14,000 கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ், கோர்ட் கட்டணம், சென்னையிலிருந்து வாய்தாவுக்கு வந்து போகும் பஸ் செலவு, எடுக்கும் லீவு எல்லாம் சேர்த்தால் மிச்சம் 1,500-க்கு மேலே போய்விடும். வாடகை நீதிமன்றத்துக்குப் போகவும் முடியாது, அது ஓனருக்கும் வாடகைதாரருக்கும் உள்ளது, கூட இருந்தவர்களின் கணக்கை எடுத்துக்கொள்ளாது. பாக்கி கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் காலக்கெடு இருக்கிறது, அதனால் பதற்றத்தில் ஓட வேண்டியதும் இல்லை.

ஆனால் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒரே நாளில் இரண்டு வேலை நடக்க வேண்டும்: அவர்கள் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போடுவது, ஓனர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவது. அந்தக் கடிதத்தில் நீங்கள் இன்ன தேதியில் வீட்டைவிட்டு விலகினீர்கள், உங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், அந்தத் தேதி வரை வாடகை பாக்கி இல்லை, அதற்குப் பிறகான வாடகைக்கும் சேதத்துக்கும் உங்களுக்குப் பொறுப்பில்லை, ஓனரிடம் உள்ள 80,000-ல் உங்கள் பங்கு இனி இருப்பவர்களுடையது என்று இருக்கட்டும். ஓனர், பெயர் உள்ள உங்கள் தோழி, நீங்கள் மூவரும் கையெழுத்திட வேண்டும். தோழியின் கையெழுத்து இல்லாவிட்டால், ஓனர் உங்களை விட்டாலும் தோழி தன் பங்குக்கு மேல் கட்டியதை உங்களிடம் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 44-வது பிரிவு இடம் கொடுக்கிறது. பணமா கடிதமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அம்மா, கடிதத்தை வாங்குங்கள்.

மூன்று பேரும் மசியவில்லை என்றால் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். வழக்குப் போடும் முன்பே எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் உடன்பாடு எழுதினால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஓனரையும் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள், கடிதத்தில் வர வேண்டிய வரிகள் அந்த உடன்பாட்டிலேயே வந்துவிடும்.

ஓனர் கையெழுத்துப் போடத் தயங்கினால், ஜூன் 30-க்குக் காத்திருக்காமல் இந்த வாரமே அவருக்கு ஒப்புகையுடன் தபால் அனுப்புங்கள். நீங்கள் மார்ச் 31-ல் விலகியதையும், உங்கள் பெயரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சம்மதமில்லை என்பதையும் எழுதி, தோழிகள் மூவருக்கும் நகல் போடுங்கள். ஜூன் வரைக்கான பொறுப்பை அது முழுதாகத் துடைக்காது. ஆனால் ஜூலை முதல் நடப்பதை உங்கள் தலையில் கட்ட வருகிறவருக்கு, "என்னிடம் யார் சொன்னது?" என்று கேட்க வழி இருக்காது.