முருங்கையிலை வறை சாப்பிட்டும் இரத்தசோகை ஏன்?

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் மாதர் சங்கத்தில் போசாக்கு வினாடி வினா ஒன்று நடத்தினோம். ஒரு பக்கம் நோய், மறுபக்கம் அதைத் தடுக்கும் சாப்பாடு, இரண்டையும் பொருத்த வேண்டும். இரத்தசோகைக்கு நேரே முருங்கையிலை என்று விடை போட்டிருந்தேன். ஒரு அணி கோழி ஈரல் என்றது, இன்னொரு அணி நெத்தலிக் கருவாடு என்றது. இரண்டுக்கும் புள்ளி கொடுக்கவில்லை, பெரிய வாக்குவாதமாகிவிட்டது. எது சரி? இன்னொன்று, எனக்கு 38 வயது. கிழமைக்கு நாலைந்து நாள் முருங்கையிலை வறை சாப்பிடுகிறேன். போன மாதம் இரத்தம் சோதித்தபோது ஈமோகுளோபின் 9.8 என்று வந்தது. கீரை சாப்பிட்டும் ஏன் இப்படி?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: மூன்றுமே சரியான விடை. அந்த இரண்டு அணிகளுக்கும் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். எது கூடச் சரி என்று கேட்டால், ஈரல் என்று சொன்ன அணிக்குத்தான் முதலிடம். அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்களுடைய 9.8 ஏன் வந்தது என்பதும் பாதி விளங்கிவிடும்.

சாப்பாட்டில் எவ்வளவு இரும்புச்சத்து இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு குடலால் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்கிறது என்பது வேறு கணக்கு. இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி, இரத்தத்தில் இருக்கும் அதே வடிவத்திலேயே இருக்கிறது. குடல் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, கௌபி, குரக்கன் போன்றவற்றில் உள்ள இரும்பு வேறு வடிவம். கூடச் சாப்பிடுவது எது, பின்னால் குடிப்பது எது என்பதைப் பொறுத்து அது உள்ளே போகும், அல்லது வீணாகும்.

உங்கள் வறையையே எடுத்துப் பார்ப்போம். பச்சை முருங்கையிலை 100 கிராமில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆய்ந்து எடுத்த இலை ஒருவர் பங்குக்கு 50 கிராம் வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 மில்லிகிராம். இதில் இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேர்கிறது என்றால் 0.1 மில்லிகிராம். மாதவிடாய் வரும் வயதில் ஒரு பெண்ணின் உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் இரும்பு உள்ளே சேர்ந்தாக வேண்டும். சோறும் பருப்பும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் தரும்தான். ஆனாலும் வறை ஒன்றையே நம்பி இருந்தால் அந்த இடைவெளி நிரம்பாது.

அப்புறம் தேநீர். எங்கள் பக்கத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிய கையோடு ஒரு பிளேன்ரீ குடிக்காவிட்டால் பலருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரை இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைக் குடல் எடுக்கவிடாமல் செய்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் போய்விடும். பால் விட்டுக் குடித்தாலும் இதே கதைதான். கோப்பியும் அப்படியே. தேநீரை விட வேண்டிய அவசியமில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரண்டு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு மாறாக, விற்றமின் சி அந்த இரும்பை உள்ளே அனுப்ப உதவுகிறது. வறையை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் விற்றமின் சி அழிந்துவிடும், புளிப்பு மட்டுந்தான் மிஞ்சும். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் என்றால் இன்னும் நல்லது. கூடவே குளத்து மீன் ஒரு துண்டோ ஒரு பிடி நெத்தலியோ இருந்தால் இரட்டை லாபம்: அதில் உள்ள இரும்பும் சேரும், பக்கத்தில் இருக்கும் கீரையின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும். உங்கள் போட்டியில் கருவாடு என்று எழுதிய அணி இதைத் தெரிந்து எழுதியதோ தெரியாமல் எழுதியதோ, அவர்கள் எழுதியது நல்ல விடை. பிரஷர் உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கவனித்து, கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும்.

ஈரலைப் பற்றி ஒரு எச்சரிக்கையையும் விடைத்தாளிலேயே எழுதி வையுங்கள். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம். கர்ப்பிணித் தாய்மார், அதிலும் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள், அதைத் தவிர்ப்பது நல்லது. அளவுக்கு மிஞ்சிய விற்றமின் ஏ வயிற்றில் வளரும் பிள்ளையைப் பாதிக்கலாம். உங்கள் சங்கத்தில் இளம் பெண்கள் இருப்பார்கள். "இரத்தம் ஊற ஈரல்" என்று கேட்டுவிட்டுப் போய் கிழமைக்கு மூன்று நாள் சமைக்க வேண்டாம்.

சரி, இனி உங்கள் இரத்தம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் இரத்தசோகை என்கிறோம். 9.8 என்பதைச் சாப்பாட்டால் மட்டும் சரிக்கட்ட முயல வேண்டாம். இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் உடம்பில் சேர்த்து வைத்திருந்த இரும்பும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதை நிரப்பக் குளிசை வேண்டும். இறங்கியதற்கான காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.

38 வயதில் முதல் காரணம் பெரும்பாலும் மாதவிடாய்தான். ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒரு மணித்தியாலத்துக்குள் துணி மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று யோசித்துப் பாருங்கள். கேட்டால் மட்டுமே பெண்கள் சொல்லும் விஷயம் இது. அப்படியிருந்தால் எத்தனை குளிசை போட்டாலும் ஒரு பக்கம் ஊற்ற மறுபக்கம் ஒழுகும். இரத்தப்போக்குக்கும் சிகிச்சை வேண்டும். இரண்டாவது கொக்கிப்புழு. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்கும்போது இது மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து ஏறும். பிறகு குடலில் ஒட்டியிருந்து நாளும் இரத்தம் குடிக்கும். கடைசியாக எப்போது பூச்சிக்குளிசை போட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மலேரியாவால் இரத்தம் வற்றிய காலத்தை வன்னியில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கை 2016-இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதனால் அந்தக் காரணத்தை இப்போது நாங்கள் முதலில் தேடுவதில்லை.

இன்னொரு கேள்வி. பச்சை அரிசியை மென்று தின்னும் ஆசை வருகிறதா? ஐஸ், சோக்கு, மண் இவற்றில் ஏதாவது? வீட்டில் இதைக் கெட்ட பழக்கம் என்று ஏசுவார்கள். இரும்பு குறைந்தவர்களுக்கு இந்த ஆசை வருவதுண்டு. குளிசை தொடங்கிச் சில நாளிலேயே அது தானாக அடங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

இரும்புக் குளிசையை வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு போடுவது நல்லது. வயிற்றைப் புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்ட பிறகு போடுங்கள். தேநீரோடும் பாலோடும் வேண்டாம். கல்சியம் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் வேறு வேறு நேரத்தில் போட வேண்டும், ஒன்று மற்றதை மறிக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒன்றுவிட்ட ஒரு நாள் போடும்படி மாற்றிக் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் 1 அளவாவது ஏற வேண்டும். 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பலர் களைப்பு நீங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் திரும்பவும் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் அது வேறு வகையாக இருக்கலாம். போலேற் அல்லது விற்றமின் பி12 குறைவு, சிறுநீரக நோய், பரம்பரையாக வரும் தலசீமியா இவற்றிலும் ஈமோகுளோபின் இறங்கும். தலசீமியாவில் இரும்பு குறையாமலே இரத்தம் குறைந்திருக்கலாம். அதில் தேவையில்லாமல் இரும்பு போடுவது தீங்கு. ஆகவே கடையில் தானாகக் குளிசை வாங்காமல், முழு இரத்தப் பரிசோதனையும் முடிந்தால் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையும் செய்து காட்டுங்கள். மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த போட்டிக்கு முருங்கையிலையை மாலைக்கண் நோய்க்கு நேரே போடுங்கள், அங்கே அது இன்னும் பலமான விடை. உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து அதில் நிறைய இருக்கிறது. அது உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும், வறையில் போடும் தேங்காய்ப்பூவே அதைக் கொடுத்துவிடும். கழலைக்கு நேரே வெறுமனே "உப்பு" என்று எழுதியிருந்தால் "அயடீன் சேர்த்த உப்பு" என்று திருத்துங்கள். கடலிலிருந்து எடுத்தாலும் சாதாரண உப்பில் அயடீன் மிகக் குறைவு. இரத்தசோகைக் கேள்வியை இப்படி மாற்றலாம்: இரண்டு கோப்பை சோறு, இரண்டிலும் பருப்பும் முருங்கையிலை வறையும். ஒன்றின் பக்கத்தில் பிளேன்ரீ, மற்றதன் பக்கத்தில் ஒரு துண்டு மீனும் தேசிக்காய்ப் பாதியும். எந்தக் கோப்பையில் கூட இரும்பு உடம்பில் சேரும், ஏன்? சரியான கோப்பைக்கு ஒரு புள்ளி, காரணத்துக்கு இரண்டு புள்ளி.