நோன்பு நாளில் நீர் மாத்திரையை எப்போது சாப்பிடுவது?

கேள்வி: எங்கள் அத்தாவுக்கு 66 வயது. இதயம் பலவீனம், துடிப்பும் ஒழுங்கில்லை. காலையில் ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரை 40 மில்லிகிராம், மாலை 6 மணிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரமலான் நோன்பு வைத்தே தீருவேன் என்கிறார். நீர் மாத்திரையைச் சஹரில் கொடுக்கலாமா?
– வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: சஹரில் வேண்டாம் அம்மா. ஃப்ரூசமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய ஆறு மணி நேரம் சிறுநீரை வெளியேற்றும். சஹரில் சாப்பிட்டால் நண்பகலுக்குள் நீர் போய்விடும். பிறகு மாலைவரை ஒரு மிடறும் உள்ளே போகாது. ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

தூங்கப் போகும்போதும் வேண்டாம். நடுராத்திரியில் கழிப்பறைக்கு எழுந்து தலைசுற்றி விழுந்தால், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மண்டைக்குள் ரத்தம் கசியலாம். தலையில் அடிபட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆகவே 7.30 மணியளவில் நோன்பு திறந்ததும் ஃப்ரூசமைடு கொடுக்கலாம். இரவு ஒன்றரை மணி வாக்கில் அதன் வேகம் அடங்கிவிடும். தராவீஹ் நேரத்தில் அடிக்கடி சிறுநீர் வரும். வீட்டிலேயே தொழுவது நல்லது. மருத்துவர் ஒரு நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால், அதே அளவைச் சஹர்வரை பிரித்துக் குடிக்க வேண்டும். மொத்தமாகக் குடித்து ஈடுகட்டக் கூடாது.

வார்ஃபரினை இரவு 8.30க்கு மாற்றுங்கள். இந்தச் சில மணி நேரத் தள்ளிப்போடலால் தீங்கில்லை; தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டையாகக் கொடுக்காதீர்கள். சாப்பாடு மாறும்போது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவும் மாறும். அவருக்கு 2 முதல் 3 வரை என்று இலக்கு வைத்திருந்தால், நோன்பின் முதல் வாரத்திலும் பெருநாளுக்குப் பிறகும் பரிசோதியுங்கள். ரமலான் சந்தையில் விற்கும் மூலிகைக் குளிகைகள் வேண்டவே வேண்டாம்.

தினமும் சஹருக்கு முன், சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது. பெரும்பாலும் உப்புதான் காரணம், நோன்புக் கஞ்சியோடு வரும் கருவாட்டையும் குழம்பையும் சந்தேகப்படுங்கள். எடை இறங்கி, எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் நீர் மிகுதியாகப் போகிறது. இரண்டுக்கும் மாத்திரை அளவை நீங்களே மாற்றாமல் கிளினிக்குக்குப் போங்கள். ரமலானுக்கு முன்பே இந்த நேர அட்டவணையை அவருடைய மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, அண்மையில் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் இருந்தார், காலை மாலை இரு வேளையும் நீர் மாத்திரை தேவைப்படுகிறது என்றால், மருத்துவர் தெளிவாகச் சம்மதிக்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு. ஃபித்யா பற்றி இமாமிடம் கேளுங்கள். நோன்பின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கறுப்பு மலம் எது வந்தாலும் அப்போதே நோன்பை முறித்துவிட்டு 999ஐ அழையுங்கள்.